கிழமை முழுக்கக் கூட்டினால் 25 ரூபாதான் குறைவு. லாச்சிக் கணக்கு சரி என்று விடலாமா?

சுன்னாகம் கடை
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குச் சுன்னாகத்தில் ஒரு பலசரக்குக் கடை. பில் அடிக்கிற மெசின் போட்ட பிறகு கணக்கெழுதும் வேலை என் பொறுப்பில் வந்துவிட்டது. இரண்டு லாச்சி. ஒவ்வொன்றிலும் காலையில் 5,000 ரூபா மாற்றுக் காசு வைப்போம். இரவு மெசினில் அன்றைய விற்பனையைக் கூட்டித் தரும் இசட் றிப்போட்டை எடுத்து, எண்ணிய காசோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கூடுதல் குறைவுக் கணக்கில் பதிகிறேன். குறைந்தால் அந்தக் கணக்கில் வரவு, அதாவது டெபிட் பக்கம். கூடினால் செலவு, அதாவது கிரெடிட் பக்கம்.

போன கிழமைப் பதிவு கீழே. கூட்டல் என்றால் காசு கூட, கழித்தல் என்றால் குறைவு.

முதலாம் லாச்சி: திங்கள் +46, செவ்வாய் +38, புதன் +52, வியாழன் +41, வெள்ளி +55, சனி +63

இரண்டாம் லாச்சி: திங்கள் -20, செவ்வாய் -2,450, புதன் +3,000, வியாழன் -900, வெள்ளி -500, சனி +550

எல்லாம் சேர்த்தால் 25 ரூபா குறைவு. "கிழமைக்கு 25 ரூபா எல்லாம் ஒரு குறைவா, விடு பிள்ளை" என்கிறார் அப்பா. எனக்கு என்னவோ மனம் கேட்கவில்லை. விடலாமா?

நெல்லியடி வியாபாரி
தங்கச்சி, அப்பா சொல்வதுதான் சரி. நானும் நீண்ட காலமாகக் கடை நடத்துகிறேன். ஆட்கள் அவசரப்படுகிற இடத்தில் காசு கூடக் குறைய வரும். ஒரு நாள் போனது மறுநாள் வரும். வருட முடிவில் அந்தக் கணக்கின் மீதியை இலாப நட்டக் கணக்கில் ஒரு வரியாகத் தள்ளிவிடுவார்கள். 25 ரூபாவுக்காக நித்திரை முழிக்காதீர்கள்.

ஒன்று மட்டும் பாருங்கள். வித்தியாசம் 9 ஆல் மிச்சமில்லாமல் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பட்டியலில் வியாழன் 900 உம் சனி 63 உம் வகுபடுகின்றன. அந்த இரண்டையும் தேடுங்கள், மற்றதை விடுங்கள்.

ஏ.எல். கொமர்ஸ் 26
அக்கா, இதற்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று தயாரிக்க வேண்டும். காசேட்டு மீதியை எழுதி, முன்வைக்கப்படாத காசோலைகளைக் கூட்டி, வங்கிக் கட்டணத்தைக் கழித்தால் வித்தியாசம் போய்விடும். எங்கள் சேர் போன கிழமைதான் படிப்பித்தார்.

ஓய்வுபெற்ற கணக்காய்வு
தம்பி, நீர் சொல்வது காசேட்டுக்கும் வங்கிக் கூற்றுக்கும் இடையில் வருகிற வித்தியாசத்துக்கு. இங்கே காசு வங்கிக்கே போகவில்லை. மெசின் "இவ்வளவு இருக்க வேண்டும்" என்கிறது, லாச்சியில் கையால் எண்ணினால் வேறொரு தொகை வருகிறது. இரண்டும் ஒரே கடைக்குள்ளேயே நிற்கின்றன.

பிள்ளை, உமது மனம் கேட்காதது நியாயம். 25 ஐ மறந்துவிட்டு, குறைவுகளை மட்டும் தனியாகக் கூட்டும். 20, 2,450, 900, 500. மொத்தம் 3,870. இனிக் கூடுதல்களை மட்டும் கூட்டும். 3,000, 550, அத்தோடு முதலாம் லாச்சியின் 295. மொத்தம் 3,845. ஒரு கிழமையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட காசு இடம் தவறி நின்றிருக்கிறது. 3,870 இலிருந்து 3,845 ஐக் கழித்து 25 என்று எழுதினால் அத்தனையும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

நெல்லியடித் தம்பி சொன்னதில் பாதி சரி. வருட முடிவில் மீதி சிறியதாக இருந்தால் ஒரு வரியாகத் தள்ளிவிடலாம், எந்தக் கணக்காய்வாளரும் அதற்கு மல்லுக்கட்ட மாட்டார். ஆனால் ஒரு நாள் போனது மறுநாள் வரும் என்பது, போனதும் வந்ததும் ஒரே காசாக இருந்தால்தான். செவ்வாய்க்கிழமை 2,450 உம் புதன்கிழமை 3,000 உம் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு மூன்று விடயம் தெரிய வேண்டும். செவ்வாய் இரண்டாம் லாச்சியில் சரியாக 2,450 ரூபாவுக்கு ஒரு பில் இருக்கிறதா? வியாழன் லாச்சியிலிருந்து யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? முதலாம் லாச்சியில் மிச்சக் காசுக்குப் பதிலாக வேறு ஏதாவது கொடுக்கிற பழக்கம் உண்டா?

நகரத்துக் காசாளர்
நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கடையில் காசாளராக நிற்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். எங்களுக்குக் குறைந்தால் அந்த மாதச் சம்பளத்தில் வெட்டு. கூடினால் முதலாளிக்கு. கூடினதை வைத்துக் குறைந்ததை ஈடு செய்யலாமா என்று கேட்டதற்கு ஏச்சுத்தான் விழுந்தது. இந்தக் கணக்கை எழுதும் ஆட்கள் லாச்சியில் நிற்கிற பிள்ளையையும் ஒருக்கால் நினைக்க வேண்டும். அக்கா, உங்கள் இரண்டாம் லாச்சியில் நிற்பவருக்கு அந்த 2,450 ஐ வெட்டினீர்களா?

சுன்னாகம் கடை
இல்லை, நாங்கள் யாருக்கும் வெட்டுவதில்லை. இரண்டாம் லாச்சியில் நிற்பது என் தம்பி. முதலாம் லாச்சியில் ஒரு அக்கா, கடை தொடங்கிய காலத்திலிருந்து எங்களோடு இருக்கிறா.

ஐயா, பில் சுருளை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய் பின்னேரம் 2,450 ரூபாவுக்கு ஒரே ஒரு பில் இருக்கிறது. காசு என்று அடித்திருக்கிறது. ஆனால் காட் மெசினின் அன்றைய துண்டுகளைக் கட்டி வைத்த இடத்தில் 2,450 ரூபாவுக்கு ஒரு துண்டு! வாங்கினவர் காட் தேய்த்திருக்கிறார், தம்பி பில்லைக் காசில் முடித்திருக்கிறான். மின்வெட்டு முடிந்து நிறையச் சனம் நின்ற நேரம் என்கிறான்.

வியாழன் பாண் கொண்டு வந்தவருக்கு லாச்சியிலிருந்துதான் கொடுத்தோம். அவருடைய சிட்டையில் 3,210. தம்பி லாச்சிக் கொப்பியில் 2,310 என்று எழுதியிருக்கிறான்.

முதலாம் லாச்சி: குத்திக்காசு தட்டுப்பாடு. 2 ரூபா, 3 ரூபா மிச்சம் கொடுக்க இல்லாவிட்டால் அக்கா டொபி கொடுப்பா. பக்கத்தில் ஒரு போத்தல் எப்போதும் இருக்கும். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஓய்வுபெற்ற கணக்காய்வு
ஆறு நாளும் கூடுதல், ஆறு நாளும் 38க்கும் 63க்கும் இடையில். மனிதர் காசு எண்ணுவதில் விடுகிற பிழை இரண்டு பக்கமும் விழும், ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஒரு பக்கமாகவே, அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விழுந்தால் அது பிழை இல்லை. தினமும் நடக்கிற ஏதோ ஒரு பழக்கம். 97 ரூபாப் பில்லுக்கு 100 ரூபா வாங்கி ஒரு டொபி கொடுக்கும்போது மெசினுக்கு 97 தான் தெரியும், லாச்சியில் 100 கிடக்கும். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு இப்படி நடந்தால் உமது 50 ரூபா வந்துவிடும். நெல்லியடித் தம்பி காட்டிய சனிக்கிழமை 63 உம் இதுதான். எந்த எண்ணை எடுத்தாலும் ஒன்பதில் ஒன்று 9 ஆல் வகுபடத்தான் செய்யும். அதனால் 9 ஒரு தடயம் மட்டுமே. வியாழன் 900க்கு அது உதவியது, காரணம் சிட்டை கையில் இருந்தது.

டொபியின் மற்றப் பக்கத்தையும் பாரும். காசு கூடுகிற அதே நேரத்தில் போத்தல் குறைகிறது, பில் இல்லாமல். கூடுதலை ஒரு கணக்கில் வருமானமாக எழுதுவீர், மாத முடிவில் சரக்கு எண்ணும்போது டொபி குறைவை வேறொரு கணக்கில் நட்டமாக எழுதுவீர். உண்மையில் இரண்டும் ஒரே விற்பனை. மெசினில் விலை போடாத ஒரு டொபிப் பொருளை உருவாக்கி, கொடுக்கிறபோது அந்த 2 அல்லது 3 ரூபாவுக்கு அடிக்கச் சொல்லும். பில் 100 ஆகிவிடும், லாச்சியும் ஒத்துவரும்.

இனிப் பதிவு. செவ்வாய்க்கிழமை இரண்டாம் லாச்சியின் காசு விற்பனை எவ்வளவு?

சுன்னாகம் கடை
இசட் றிப்போட்டில் காசு விற்பனை 61,300. மாற்றுக் காசு 5,000 ஐக் கழித்த பிறகு எண்ணியது 58,850.

ஓய்வுபெற்ற கணக்காய்வு
அப்படியென்றால் அன்றிரவு நீர் எழுதியிருக்க வேண்டியது: காசு வரவு 58,850, கூடுதல் குறைவு வரவு 2,450, விற்பனை செலவு 61,300. விற்பனையைக் குறைத்து எழுதக்கூடாது. சிலர் எண்ணிய காசையே விற்பனையாக எழுதிவிடுவார்கள், பிறகு எதைத் தேடுவதென்றே தெரியாது.

துண்டு கிடைத்துவிட்டதால் இப்போது ஒரு திருத்தம். காட் மூலம் வங்கியிலிருந்து வர வேண்டிய கணக்கில் வரவு 2,450, கூடுதல் குறைவில் செலவு 2,450. பாணுக்கும் அப்படியே, கொள்முதல் வரவு 900, கூடுதல் குறைவு செலவு 900. பழைய பதிவை அழிக்க வேண்டாம். அன்று குறைந்தது, பின்பு காரணம் கிடைத்தது என்று இரண்டும் ஏட்டில் இருக்கட்டும்.

புதன்கிழமை 3,000 என்ன? முழு ஆயிரமாக, அதுவும் இவ்வளவு பெரிய கூடுதல் மிச்சக் காசுப் பிழையால் வருவது அபூர்வம். அப்பாவின் கடன் கொப்பியை ஒருக்கால் பாரும்.

கொக்குவில் மெசின் திருத்துநர்
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கடைகளுக்கு இந்த மெசின்கள் பூட்டிக் கொடுப்பது என் தொழில். பெரிய கூடுதல் வந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, பாதியில் நிறுத்தி வைத்த பில். வாங்குபவர் "ஒரு சாமான் மறந்துபோனேன்" என்று உள்ளே போக, பில்லை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்கள். அவர் திரும்பி வந்து காசைக் கொடுத்துப் போய்விடுவார், பில் முடியாமல் கிடக்கும். இசட் எடுக்க முன்பு ஒதுக்கிய பில்களின் பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும். மற்றது, விற்பனை இல்லாமல் லாச்சி திறந்த எண்ணிக்கை. அநேகமான மெசின்களில் இசட் றிப்போட்டின் அடியில் அது வரும். யாரும் பார்ப்பதில்லை.

சுன்னாகம் கடை
அண்ணை, புதன்கிழமை ஒதுக்கிய பில் ஒன்றும் இல்லை. ஐயா சொன்னது போலக் கடன் கொப்பியில்தான் இருந்தது. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ரீச்சர் ஒருவர் புதன்கிழமை 3,000 ரூபாக் கடனைக் கட்டியிருக்கிறா. அப்பா காசை வாங்கித் தம்பியின் லாச்சியில் போட்டுவிட்டு, கொப்பியில் அவருடைய பெயருக்கு நேரே கோடு இழுத்திருக்கிறார். மெசினில் பதியவில்லை. மெசினின்படி ரீச்சர் இன்னும் 3,000 தர வேண்டும். மாதக் கடைசியில் மெசினில் இருந்துதான் கடன் துண்டு அச்சடித்துக் கொடுப்போம். கட்டிய காசை அவவிடம் திரும்பக் கேட்டிருப்போம்.

அப்பாவிடம் காட்டினேன். அதன் பிறகு 25 ரூபா என்ற கதையை விட்டுவிட்டார்.

ஓய்வுபெற்ற கணக்காய்வு
கூடுதல் குறைவு வரவு 3,000, ரீச்சரின் வருமதிக் கணக்கு செலவு 3,000. மெசினில் கடன் வசூல் என்று ஒரு பொத்தான் இருக்கும். அப்பா காசை வாங்கினாலும், யார் லாச்சியில் போடுகிறாரோ அவர் அதை அடிக்க வேண்டும். கூடுதல் வந்தால் எல்லோரும் சந்தோசப்படுகிறார்கள். குறைவு வந்தால்தான் தேடுகிறார்கள். என் அனுபவத்தில் கூடுதலைத்தான் முதலில் தேட வேண்டும். அது பெரும்பாலும் வேறொருவருடைய காசு.

இப்போது கணக்கைப் பாரும். 25 குறைவில் தொடங்கினோம். 2,450 உம் 900 உம் வெளியே போயின, 3,000 உம் போயிற்று. இப்போது மீதி 325 கூடுதல். அதில் 295 டொபி விற்பனை, அதையும் விற்பனைக்கு மாற்றிவிடும். மிஞ்சுவது திங்கள் 20, வெள்ளி 500 குறைவும், சனி 550 கூடுதலும்.

நெல்லியடி வியாபாரி
ஐயா சொன்ன மாதிரிப் பிரித்துப் பார்த்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளி 500 உம் சனி 550 உம் நான் சொன்ன மாதிரித்தானே? வெள்ளி போனது சனி வந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற கணக்காய்வு
இருக்கலாம். வெள்ளி இரவு எண்ணும்போது ஒரு 500 ரூபாத் தாள் லாச்சித் தட்டுக்கு அடியிலோ பின்பக்கத்திலோ விழுந்து கிடந்திருந்தால், அல்லது புதுத் தாள்கள் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாக எண்ணப்பட்டிருந்தால், வெள்ளி 500 குறையும், சனி 500 கூடும். அப்போது மிஞ்சுவது 50 ரூபா. ஆனால் வேறு மாதிரியும் நடந்திருக்கலாம். வெள்ளி ஒருவருக்கு 500 கூடக் கொடுத்து, சனி இன்னொருவருக்கு 550 குறைத்துக் கொடுத்திருந்தால்? இலக்கத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது. பிள்ளை, வெள்ளி இரவு காசு எண்ணிய துண்டு இருக்கிறதா? 5,000, 1,000, 500 என்று எந்தத் தாள் எத்தனை என்று எழுதிய துண்டு?

சுன்னாகம் கடை
இல்லை ஐயா. மொத்தத்தை மட்டும்தான் எழுதுகிறோம். அதுவும் தம்பி முதலில் இசட் எடுத்துவிட்டு, எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டுதான் எண்ணுவான்.

ஓய்வுபெற்ற கணக்காய்வு
அதை மாற்றும். தொகை தெரிந்துகொண்டு எண்ணுபவர், அந்தத் தொகை வந்ததும் நிறுத்திவிடுவார். வராவிட்டால் மட்டும் திரும்ப எண்ணுவார். அவருக்கே தெரியாமல் நடக்கிற காரியம் இது. முதலில் எண்ணி, தாள்வாரியாகத் துண்டில் எழுதி, கையெழுத்து வைத்துவிட்டுத்தான் இசட் எடுக்க வேண்டும். முடிந்தால் இசட் எடுப்பது இன்னொருவராக இருக்கட்டும், உங்கள் கடையில் நீரே இருக்கிறீரே. அடுத்த நாளுக்கு வைக்கிற 5,000 ஐ இரவு ஒருவரும் காலையில் இன்னொருவரும் எண்ணினால், வெள்ளிக்கிழமைக் காசு சனிக்கிழமைக்குள் புகுந்ததா என்பது காலையிலேயே தெரிந்துவிடும்.

நகரத்துக் காசாளர்
ஐயா, ஒன்று சொல்கிறேன். எங்கள் கடையில் குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை. மாதக் கணக்காக எல்லா நாளும் சரியாக ஒத்துவருகிறது. ஏன் தெரியுமா? வெட்டு விழும் என்ற பயத்தில் எல்லோரும் கூடுதல் வரும் நாளில் அதை எடுத்து வேறிடத்தில் வைக்கிறார்கள். குறையும் நாளில் அதிலிருந்து போடுகிறார்கள். முதலாளி மிகத் திருப்தியாக இருக்கிறார். இதைக் களவு என்று சொல்வீர்களா?

ஓய்வுபெற்ற கணக்காய்வு
பிள்ளை, அந்தக் காசு யாருடையது என்று யாருக்கும் தெரியாமல் போவதுதான் இதில் ஆபத்து. சுன்னாகத்து ரீச்சரின் 3,000 உங்கள் கடையில் வந்திருந்தால் அந்த ஒளிவிடத்துக்குத்தான் போயிருக்கும், கடன் அப்படியே நின்றிருக்கும். ஆனால் நிற்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெட்டு அப்படிச் செய்ய வைக்கிறது. தினமும் நூறு பேருக்கு மிச்சம் கொடுக்கிற லாச்சி மாதக் கணக்காக ஒரு சதம் பிசகாமல் ஒத்துவந்தால் நான் அந்தக் கடையில்தான் முதலில் போய் எண்ணுவேன், அதுவும் நடுப்பகலில், சொல்லாமல்.

வெட்டைப் பற்றி: 1954ம் ஆண்டின் 19ம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. முதலாளி நினைத்த மாத்திரத்தில் சம்பளத்தில் கை வைக்க அதில் இடமில்லை. யாழ்ப்பாணத்தில் தொழில் திணைக்கள அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். இன்னொன்று, சம்பளச் சிட்டையைப் பாரும். குறைவை வெட்டினாலும் ஊழியர் சேமலாப நிதிக்கான உமது 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் வெட்ட முந்திய சம்பளத்தில்தான் கணிக்கப்பட வேண்டும். வெட்டிய பிறகு மிஞ்சியதில் கணித்தால் அது இன்னொரு பிழை.

நெல்லியடி வியாபாரி
இதில் மட்டும் ஐயாவோடு ஒத்துப்போக முடியவில்லை. லாச்சியில் நிற்பவருக்கு ஒரு பொறுப்பும் இல்லையென்றால் யார் கவனமாக எண்ணுவார்? என் கடையில் மாதம் ஒரு எல்லை வரை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு மேலே போனால் கேட்பேன். கேட்காவிட்டால் கடையை மூட வேண்டி வரும்.

நகரத்துக் காசாளர்
அண்ணை, கேட்பது வேறு, வெட்டுவது வேறு. நீங்கள் கேட்டால் நான் பில் சுருளை எடுத்துக்கொண்டு வந்து காட்டுவேன். வெட்டினால் ஏன் காட்ட வேண்டும்? அக்காவின் தம்பிக்கு 2,450 ஐ வெட்டியிருந்தால் அந்தக் காட் துண்டை யார் தேடியிருப்பார்கள்?

நெல்லியடி வியாபாரி
அந்த 2,450 விடயத்தில் நீங்கள் சொல்வது சரி. காரணம் கிடைக்காத குறைவைப் பற்றித்தான் நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை 500 மாதிரி.

கொக்குவில் மெசின் திருத்துநர்
அக்கா, காட் பில்லைக் காசில் முடிக்கிற பிழையைக் குறைக்க ஒரு வழி. உங்கள் மெசினில் காட் என்று முடிக்கும்போது துண்டின் கடைசி நான்கு இலக்கத்தைக் கேட்கும்படி அமைக்கலாம். ஆனால் அது காசு என்று அடிப்பதைத் தடுக்காது. அதற்கு இரவு காட் மெசினின் நாள் முடிவுத் தொகையையும் இசட் றிப்போட்டின் காட் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. செவ்வாய் பார்த்திருந்தால் காட் 2,450 கூட, காசு 2,450 குறைவு என்று அன்றே தெரிந்திருக்கும்.

சுன்னாகம் கடை
இன்றிரவு அப்படித்தான் செய்தோம். தம்பி தாள்வாரியாக எண்ணித் துண்டில் எழுதித் தந்த பிறகுதான் நான் இசட் எடுத்தேன். இரண்டாம் லாச்சி 10 ரூபா குறைவு. முதலாம் லாச்சி டொபியை அடித்ததால் 4 ரூபாதான் கூட, அக்கா ஒரு தரம் அடிக்க மறந்ததாகச் சொன்னா. லாச்சியைக் கழற்றித் தட்டுக்கு அடியிலும் பார்த்தோம், ஒன்றும் இல்லை. ஐயா, வெள்ளி 500 ஐயும் சனி 550 ஐயும் அப்படியே அந்தக் கணக்கில் விட்டிருக்கிறேன். யாராவது வந்து சனிக்கிழமை மிச்சம் குறைந்தது என்று கேட்டால் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற கணக்காய்வு
வருகிறவர் எவ்வளவு என்று தானே சொல்லட்டும், நீர் முதலில் தொகையைச் சொல்லாதேயும். என்ன நேரம், என்ன வாங்கினார் என்று கேட்டுப் பில் சுருளோடு பாரும். ஒத்துவந்தால் கொடும், கூடுதல் குறைவில் வரவு வைத்து. 550 என்று சொல்லாமல் 500 என்றோ 50 என்றோ சொன்னாலும் பாரும். இரண்டு பிழை சேர்ந்தும் அந்தத் தொகை வந்திருக்கலாம்.